அபார்ட்மென்ட் பராமரிப்புக் கணக்குல சந்தேகம்: பதிவாளர்கிட்ட மனு கொடுத்தா நடக்குமா?

சரவணம்பட்டி 84 · 9 நவம்பர் 2025, இரவு 9.40

84 வீடு. மாதம் சதுர அடிக்கு இவ்வளவுன்னு வசூல். 2024-25 கணக்கை நோட்டீஸ் போர்டுல ஒரே தாள்ல ஒட்டினாங்க. அதுல டீசல் மட்டும் 3,41,310 ரூபாய். ஜெனரேட்டர் 62.5 கேவிஏ. கரண்ட்டே எச்சாப் போகாத ஏரியாங்க இது. வவுச்சர் காட்டச் சொன்னா "ஆடிட் முடிஞ்சுது, கையெழுத்தாயிடுச்சு"ன்னு செயலாளர் முடிச்சுக்கிறார். யாருகிட்ட புகார் கொடுக்கறதுங்க? கொடுத்தா ஏதாவது நடக்குமா, இல்ல ஃபைலோட ஃபைலாப் போயிருமா?

ஈரோட்டு மஞ்சள் · 9 நவம்பர், இரவு 10.15

கூட்டுறவு துணைப்பதிவாளர், வீட்டுவசதி. அவங்ககிட்ட 81ன்னு ஒரு பிரிவு இருக்கு, விசாரணை வெக்கலாம். அப்புறம் 87ல தண்டத்தீர்வை போட்டு நிர்வாகிங்க சொத்துல இருந்தே பணத்தைப் பிடிக்கலாம். பலமான சட்டம். நேரா அங்க போங்க.

பழைய ஃபைல் · 9 நவம்பர், இரவு 11.02

மஞ்சள் சொன்ன பிரிவு எண்கள் ரெண்டும் சரி, ஆபீஸ்தான் வேற. 81, 87 எல்லாம் 1983ஆம் வருஷத்துக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம். வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கத்துக்கு அது செல்லும். கோவை, திருப்பூர் பக்கம் பில்டர் கட்டி விற்ற அடுக்குமாடியில இருக்கற ஓனர்ஸ் அசோசியேஷன் பெரும்பாலும் 1975ஆம் வருஷத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்துல பதிவானது. அதுக்கு மேல இருக்கறவர் பதிவுத்துறையோட மாவட்டப் பதிவாளர். பத்திரப் பதிவு நடக்குதே, அதே துறை.

எது உங்களுதுன்னு ஊகிக்கவே வேண்டாம். சங்கத்தோட பதிவுச் சான்றிதழ்ல சட்டத்தோட பேரு, பதிவு எண், வருஷம், எந்த ஆபீஸ் எல்லாம் இருக்கும். சான்றிதழைக் காட்ட மாட்டேங்கறாங்கன்னா மெயின்டனன்ஸ் ரசீதோட தலைப்புல பதிவு எண் அச்சாகியிருக்கும். அந்த எண் இல்லாம மனு எழுதினா முதல் மேசையிலேயே நின்னுபோகும்.

இன்னொண்ணு, பதிவு மாவட்டமும் வருவாய் மாவட்டமும் ஒண்ணு கிடையாது. கோவைக்குள்ளயே வடக்கு, தெற்குன்னு பிரியும். ஈரோடு மாவட்டத்துல இருந்துட்டு கோபி பதிவு மாவட்டத்துல வர்றவங்களும் உண்டு. தப்பான ஆபீஸ்ல கொடுத்தா "உரிய அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டது"ன்னு ஒரு கடிதம் வரும், அதோட ரெண்டு மாசம் போயிடும்.

சரவணம்பட்டி 84 · 10 நவம்பர், காலை 7.20

ரசீதுல இருக்குங்க, 1975 சட்டம்னே போட்டிருக்கு. அப்ப மஞ்சள் சொன்ன மாதிரி சொத்துல இருந்து பிடிக்கறதெல்லாம் கிடையாதா?

பழைய ஃபைல் · 10 நவம்பர், காலை 8.05

கிடையாது. இதை முதல்லயே தெரிஞ்சுக்கறது நல்லது. 1975 சட்டத்துல 36ஆம் பிரிவு விசாரணைப் பிரிவு. சங்கத்தோட அமைப்பு, செயல்பாடு, நிதிநிலை இந்த மூணையும் பதிவாளர் விசாரிக்கலாம், இல்ல வேற ஒருத்தரை எழுத்து மூலமா நியமிச்சு விசாரிக்கச் சொல்லலாம். புத்தகம் கேட்கலாம், ஆளைக் கூப்பிடலாம். ஆனா "இன்னார் இவ்வளவு திருப்பிக் கட்டு"ன்னு உத்தரவு போட அவருக்கு அதிகாரம் இல்லை. பணம் திரும்பணும்னா உரிமையியல் நீதிமன்றம். குத்தம்னா போலீஸ். விசாரணை அறிக்கை இந்த ரெண்டு இடத்துக்கும் கையில எடுத்துட்டுப் போற ஆதாரம். அந்த அளவுக்கு அதுக்கு மதிப்பு உண்டு, அதுக்கு மேல எதிர்பார்க்காதீங்க.

விசாரணை எப்படித் தொடங்கும்னா நாலு வழி. பதிவாளர் தானாவே தொடங்கலாம். நிர்வாகக் குழுவுல பெரும்பான்மையானவங்க கேட்கலாம். உறுப்பினர்கள்ல மூணுல ஒரு பங்குக்குக் குறையாம கையெழுத்துப் போட்டுக் கேட்கலாம். இல்ல மாவட்ட ஆட்சியர் சொல்லலாம். முதல் வழியும் கடைசி வழியும் "செய்யலாம்" ரகம், செய்யாமலும் விடலாம். மூணாவதுல விண்ணப்பம் முறையா இருந்தா தட்டிக் கழிக்கறது கஷ்டம்.

அவிநாசி ரோடு வில்லா · 10 நவம்பர், மதியம் 1.30

எங்களுக்கும் இதே பிரச்சனை. பில்டர் வீட்டுக்கு ஒண்ணரை லட்சம் கார்பஸ்னு, சங்கத்தோட வைப்பு நிதிக்காக வாங்கி வெச்சுட்டு சங்கத்துக்கு இன்னும் மாத்தலை. கேட்டா "அடுத்த ஃபேஸ் முடியட்டும்"கறார். நாங்களும் பதிவாளர்கிட்டப் போகலாமா?

பழைய ஃபைல் · 10 நவம்பர், மதியம் 2.10

அது இதே பிரச்சனை இல்லீங்க. பணம் இன்னும் சங்கத்துக்கே வரலை, அப்ப சங்கத்தோட கணக்கை விசாரிச்சு என்ன கிடைக்கும்? கட்டட விற்பனையை ஒழுங்குபடுத்தற ரெரா ஆணையத்துல பதிவான திட்டமா இருந்தா தமிழ்நாடு ரெராவுல பில்டர் மேல புகார். தனி இழை போடுங்க, இங்க கலந்தா ரெண்டும் குழம்பும்.

தணிக்கை அக்கா · 10 நவம்பர், இரவு 8.45

"ஆடிட் முடிஞ்சுது"ங்கறதுக்கு ஒரு பதில். ஆடிட்டர் பார்க்கறது பேரேட்டுல எழுதின தொகைக்கு வவுச்சர் இருக்கா, கூட்டல் சரியா, பேங்க் இருப்பு ஒத்துப்போகுதா, இதுதான். பில்லுல 200 லிட்டர்னு இருந்தா 200 லிட்டர் டேங்க்ல விழுந்துச்சான்னு அவர் வந்து பார்க்க மாட்டார். அதனால ஆடிட் ஆன கணக்குலயும் பணம் போயிருக்கலாம், ஆடிட் ஆகாத கணக்கு சுத்தமாவும் இருக்கலாம்.

அதுக்கு முன்னால, ஆடிட் உண்மையிலேயே ஆச்சான்னு பாருங்க. 2019 ஜூலை 1ல இருந்து பட்டயக் கணக்கர் கையெழுத்துப் போடற ஒவ்வொரு தணிக்கை அறிக்கைக்கும் யூடின்னு 18 இலக்கத்துல ஒரு எண் கட்டாயம். முதல் ரெண்டு எழுத்து அந்த எண் எடுத்த வருஷம். அடுத்த ஆறு அந்தக் கணக்கரோட உறுப்பினர் எண். udin.icai.org போய் எண்ணைப் போட்டா எந்த மாதிரி ஆவணம், என்ன தேதின்னு காட்டும். கையெழுத்தான 60 நாளுக்குள்ள எண் எடுத்தாகணும். 2022 ஆகஸ்ட் தேதி போட்ட அறிக்கையில யூடின் 25ன்னு தொடங்குச்சுன்னா அந்த அறிக்கை 2022ல பிறந்ததில்லைன்னு புரிஞ்சுக்கலாம். எண்ணே இல்லாம வெறும் சீல் இருந்தா அது தனிக் கேள்வி.

போர்டுல ஒட்டின ஒரே தாளு ஆடிட் அறிக்கை ஆகாது. அறிக்கை, வரவு செலவு, ஐந்தொகை மூணும் சேர்ந்து இருக்கணும்.

சரவணம்பட்டி 84 · 10 நவம்பர், இரவு 9.30

அந்தத் தாளுல யூடின் ஒண்ணும் இல்லைங்க அக்கா. முழு அறிக்கையைக் கொடுக்க மாட்டேங்கறாங்க. தகவல் உரிமைச் சட்டத்துல சங்கத்துக்கே மனு போடலாமா?

பழைய ஃபைல் · 11 நவம்பர், காலை 6.50

சங்கத்துக்குப் போட முடியாது, அது பொது அதிகார அமைப்பு இல்லை. ஆனா சங்கம் வருஷா வருஷம் பதிவாளர்கிட்ட வரவு செலவு, ஐந்தொகை, உறுப்பினர் பட்டியல் தாக்கல் செய்யணும். பதிவாளர் ஆபீஸ் பொது அதிகார அமைப்பு. அவங்க கையில இருக்கற காகிதத்தை அவங்ககிட்ட கேட்கலாம். மனு மேல 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டுங்க. நகலுக்குப் பக்கம் 2 ரூபாய். 30 நாள் கெடு. வரலைன்னா அதே ஆபீஸோட மேல்முறையீட்டு அலுவலருக்கு 30 நாளுக்குள்ள போடணும்.

கேட்கறதைச் சுருக்கமாக் கேளுங்க. "கணக்கு முழுசும் கொடுங்க"ன்னா பதிலும் மொட்டையா வரும். பதிவு எண் இன்னது, 2021-22 முதல் 2024-25 வரை தாக்கலான ஆண்டறிக்கைகளோட நகல், ஒவ்வொண்ணும் தாக்கலான தேதி, கடைசியா தாக்கலான உறுப்பினர் பட்டியல், துணை விதிகளோட நகல். இந்த நாலு போதும்.

தாக்கல் தேதியை விட்டுடாதீங்க. பல சங்கம் நாலஞ்சு வருஷம் ஒண்ணும் தாக்கல் செய்யாம, புகார் வாடை அடிச்சதும் தாமதக் கட்டணம் கட்டி மொத்தமா ஒரே நாள்ல போட்டுவிடும். தேதியையும் அக்கா சொன்ன யூடினையும் பக்கத்துல பக்கத்துல வெச்சாப் போதும்.

பொருளாளர் பாவம் · 11 நவம்பர், காலை 10.25

எதிர்ப்பக்கத்துல இருந்து ஒரு வார்த்தை. சம்பளமில்லாத வேலை, சண்டே பொழுது பூரா தண்ணி லாரிக்குப் பின்னால. டீசல்னு எழுதின தலைப்புல டீசல் மட்டும் இருக்கும்னு யாரு சொன்னது? பல சங்கத்துல "டீசல்/ஜெனரேட்டர்"னு ஒரே தலைப்பு. ஆயில் மாத்தினது, ஃபில்டர், பேட்டரி, வருஷப் பராமரிப்பு ஒப்பந்தமான ஏஎம்சி எல்லாம் அதுக்குள்ள கிடக்கும். போர்டுல ஒட்டும்போது "டீசல்"னு சுருக்கியிருப்பாங்க. திருடன்னு எழுதறதுக்கு முன்னால பேரேட்டைப் பாருங்க.

சிங்காநல்லூர் டீசல் · 11 நவம்பர், மாலை 6.15

பொருளாளர் சொல்றது நியாயம். ஆனா ஜெனரேட்டர் பொய் சொல்லாதுங்க. சரவணம்பட்டி மீட்டரைப் பார்க்கட்டும்.

கண்ட்ரோல் பேனல்ல ஓடின மணிக்கணக்கு இருக்கும். வருஷ ஆரம்பத்துல எவ்வளவு, கடைசியில எவ்வளவுன்னு தெரிஞ்சா மிச்சம் வெறும் பெருக்கல். 62.5 கேவிஏ செட்டு முழு லோடுல மணிக்கு 14, 15 லிட்டர் குடிக்கும். பாதி லோடுல 8 லிட்டர் பக்கம். அபார்ட்மென்ட்ல லிஃப்ட், மோட்டார், காமன் லைட்டு, வீட்டுக்கு ரெண்டு லைட்டு ரெண்டு ஃபேன்னு ஓடற செட்டு பாதி லோடைத் தாண்டறது அபூர்வம்.

வருஷ ஆரம்ப ரீடிங் யாரும் எழுதி வெச்சிருக்க மாட்டாங்க. அதுக்கு சர்வீஸ் ஷீட்டைப் பாருங்க. சர்வீஸ்காரர் ஒவ்வொரு தடவையும் தேதியையும் மணி ரீடிங்கையும் எழுதிக் கையெழுத்து வாங்கிட்டுப் போவார். சங்கத்துல காணோம்னா சர்வீஸ் கம்பெனியில நகல் இருக்கும். அது மூணாவது ஆளோட காகிதம், சங்கத்துல யாரும் திருத்த முடியாது.

சரவணம்பட்டி 84 · 16 நவம்பர், இரவு 10.05

சர்வீஸ் ஷீட் நகல் கிடைச்சுதுங்க. 2024 ஏப்ரல் முதல் வாரத்துல 1,412 மணி. 2025 மார்ச் கடைசியில 1,596. வித்தியாசம் 184 மணி.

3,41,310ஐ லிட்டருக்கு 93ன்னு வகுத்தா 3,670 லிட்டர். மணிக்கு 8ன்னா 184க்கு 1,472தான். மிச்சம் 2,198 லிட்டர், ரெண்டு லட்சத்துக்கு மேல! முழு லோடு 15ன்னு வெச்சாக்கூட 2,760தான் வருது. அப்பவும் 910 லிட்டர் எங்க போச்சு? இதை அப்படியே மனுவுல போட்டுடட்டா?

பொருளாளர் பாவம் · 16 நவம்பர், இரவு 10.20

நான் சொன்னதைப் படிக்கவே இல்லை போல. பேரேடு, பேரேடு.

தணிக்கை அக்கா · 16 நவம்பர், இரவு 10.50

போடாதீங்க. பொருளாளர் எழுப்பின கேள்விக்குப் பதில் இல்லாம அந்தக் கணக்கை அனுப்பினா முதல் விசாரணையிலேயே அவங்க ஏஎம்சி பில்லை எடுத்து வெச்சு "பாருங்க, டீசல் எது சர்வீஸ் எதுன்னே தெரியாதவங்க"ன்னு சொல்லுவாங்க. ஒரு எண் தப்பாப் போனா மீதி நாலு சரியான எண்ணையும் யாரும் பார்க்க மாட்டாங்க.

துணை விதியில கணக்கைப் பார்வையிடற உரிமை இருக்கும். அந்த விதி எண்ணைக் குறிப்பிட்டு செயலாளருக்கு எழுத்துல கடிதம் கொடுங்க: 2024-25 டீசல் தலைப்போட பேரேட்டுப் பக்கமும் வவுச்சர்களும் பார்க்கணும், 15 நாளுக்குள்ள தேதி சொல்லுங்கன்னு. கொடுத்ததுக்கு ஒப்புதல் வாங்குங்க. வாங்க மறுத்தா ஸ்பீடு போஸ்ட் போட்டு டெலிவரி சான்றை எடுத்து வெச்சுக்கங்க. வாட்ஸ்அப் குரூப்புல கேட்டதெல்லாம் கேட்ட கணக்கு இல்லை.

பதிவாளர் ஆபீஸ்ல முதல் கேள்வியே "சங்கத்துல கேட்டீங்களா?"தான். கடிதம் இருந்தா அதுக்குப் பதில் கையில இருக்கு.

ஈரோட்டு மஞ்சள் · 17 நவம்பர், காலை 7.00

பில் கையில வந்தா பங்க் பில்லோட வரிசை எண்ணைப் பாருங்க. ஜனவரி பில்லும் மார்ச் பில்லும் அடுத்தடுத்த எண்ணா இருந்தா சோலி முடிஞ்சுது.

சிங்காநல்லூர் டீசல் · 17 நவம்பர், காலை 9.35

மஞ்சள், இந்தத் தடவை சரி 😀 ஆனா பங்க்ல ஒண்ணுக்கு மேல மெஷின் இருந்தா வரிசை தனித்தனியா ஓடும். ஒரே மெஷின் பில்லுதானான்னு பார்த்துட்டுச் சொல்லணும். டேங்க் கொள்ளளவையும் பாருங்க. ஒரே நாள்ல 300 லிட்டர் பில் இருந்து, செட்டோட டேங்க் 125 லிட்டர்னா மீதியை எதுல ஊத்தி வெச்சாங்க? பேரல் இருக்கான்னு செக்யூரிட்டிக்குத் தெரியும்.

சரவணம்பட்டி 84 · 6 டிசம்பர், இரவு 8.15

கடிதம் கொடுத்தேன், பேரேடு காட்டினாங்க. வவுச்சர் ஃபைல் "ஆடிட்டர்கிட்ட இருக்கு"ன்னு சொல்லிட்டாங்க.

பொருளாளர் சொன்னதுதாங்க. ஏஎம்சி, பேட்டரி சேர்த்து 58,218 ரூபாய் அதே தலைப்புலதான் இருக்கு. அதைக் கழிச்சா டீசல் 2,83,092. லிட்டர் கணக்குல 3,044. எல்லாமே ரொக்கமாக் கொடுத்திருக்காங்க, ஒண்ணுகூட பேங்க் வழியா இல்லை.

பொருளாளர் பாவம் · 6 டிசம்பர், இரவு 8.30

நன்றி. ரொக்கம்ங்கறது மட்டும் எனக்கும் இடிக்குது. பங்க்ல கார்டு, யூபிஐ ரெண்டும் வாங்கறாங்களே.

சிங்காநல்லூர் டீசல் · 6 டிசம்பர், இரவு 9.40

இப்ப கணக்கு வேற மாதிரி நிக்குது. பாதி லோடுன்னா 1,472, மிச்சம் 1,572 லிட்டர். முழு லோடுன்னா 2,760, மிச்சம் வெறும் 284. "செட்டு எப்பவும் முழு லோடுலதான் ஓடுது"ன்னு அவங்க சாதிச்சா உங்க புகார் கரைஞ்சுபோகும். அதனால லோடு எவ்வளவுன்னு நிரூபிக்கணும்.

வழி ரொம்ப சுலபம். 62.5 கேவிஏக்கு முழு லோடு கரண்ட் ஃபேஸுக்கு 87 ஆம்பியர். மாதாந்திரப் பராமரிப்புன்னு பேப்பர்ல போட்டு காலையில 9 மணிக்கு கரண்ட்டை நிறுத்துவாங்க இல்ல, அன்னிக்கு செட்டு ஓடும்போது பேனல்ல ஆம்பியரை போட்டோ எடுங்க. காலை, மதியம், சாயந்திரம்னு தேதி தெரியற மாதிரி. மூணு ஃபேஸும் 35, 40ல நின்னா பாதி லோடுகூட இல்லை. கொஞ்சம் புது கண்ட்ரோலர்ல உற்பத்தியான யூனிட்டும் காட்டும். யூனிட்டுக்கு 0.3 லிட்டர்னு தாராளமாப் போட்டாலும் போதும். லோடைப் பத்தின வாக்குவாதமே அதுல அடிபட்டுப் போகும்.

இன்னொரு பக்கம் இருந்தும் பார்க்கலாம். மணிக்கு 8ன்னா 3,044 லிட்டர் குடிக்க 380 மணி ஓடியிருக்கணும். உங்க மீட்டர் 184தான் காட்டுது. மாசம் ஒரு ஷட்டவுன் ஏழு மணி நேரம்னு வெச்சா வருஷத்துக்கு 84. மத்த சில்லறைக் கரண்ட் கட்டு, வாராவாரம் பத்து நிமிஷ டெஸ்ட் ஓட்டம் எல்லாம் சேர்த்தா 184 நம்பற மாதிரித்தான் இருக்கு. மீட்டர் நடுவுல ரிப்பேராகி நின்னுச்சா, கண்ட்ரோலர் மாத்தினாங்களான்னு மட்டும் சர்வீஸ்காரர்கிட்ட எழுதி வாங்குங்க. அவங்க பிடிக்கற அடுத்த சாக்கு அதுவாத்தான் இருக்கும்.

அவிநாசி ரோடு வில்லா · 7 டிசம்பர், காலை 8.10

எங்க வில்லாவுல ஜெனரேட்டரே பில்டர் வெக்கலைங்க.

ஈரோட்டு மஞ்சள் · 7 டிசம்பர், காலை 8.12

அப்ப டீசல் திருட முடியாது, நிம்மதியாத் தூங்குங்கோ.

சரவணம்பட்டி 84 · 21 டிசம்பர், இரவு 9.00

ஷட்டவுன் அன்னிக்கு எடுத்த போட்டோவுல மூணு ஃபேஸும் 31ல இருந்து 42 ஆம்பியருக்குள்ள. மீட்டர் மாத்தலைன்னு சர்வீஸ்காரர் ரிப்போர்ட்ல எழுதிக் கொடுத்தார். தகவல் உரிமைப் பதிலும் வந்துது. 2022-23க்கு அப்புறம் தாக்கலே இல்லை. கடைசி உறுப்பினர் பட்டியல்ல 79 பேர். 84 வீடு, 79 பேரு, எப்படி?

பழைய ஃபைல் · 22 டிசம்பர், காலை 7.30

விற்காத வீடு சிலது பில்டர் பேர்லயே இருந்து சங்கத்துல சேராம விட்டிருக்கலாம். சிலர் வாங்கினதும் உறுப்பினர் படிவம் கொடுத்திருக்க மாட்டாங்க. ரொம்ப சகஜம். கையெழுத்து வாங்கறதுல எல்லாரும் விழற குழி இதுதான்.

மூணுல ஒரு பங்கு வீடுகள்ல இல்லை, உறுப்பினர்கள்ல. 79ல மூணுல ஒண்ணு 26 சொச்சம், ஆக 27 பேர் வேணும். அந்த 27ம் பட்டியல்ல பேர் உள்ளவங்களா இருக்கணும். வாடகைக்கு இருக்கறவர் போட்டா செல்லாது. ஓனரோட மகன் போட்டாலும் அப்படித்தான். வித்துட்டுப் போனவர் பேரு பட்டியல்ல இருக்கும், வாங்கினவர் பேரு இருக்காது. வாங்கினவர் கையெழுத்துப் போட்டா எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கும். கணவன் மனைவி கூட்டா வாங்கின வீட்டுல துணை விதிப்படி யாரு உறுப்பினரோ அவர்தான் போடணும்.

அதனால பட்டியல் வரிசை எண், பேரு, வீட்டு எண், கையெழுத்து, தேதின்னு கட்டம் போட்டு வாங்குங்க. 27 வேணும்னா 35 வாங்குங்க. நாலு பேரு பின்னால "எனக்குத் தெரியாமப் போட்டேன்"னு வாபஸ் வாங்குவாங்க, அதுக்கும் சேர்த்து. மனுவோட விஷயம் ஒவ்வொரு கையெழுத்துப் பக்கத்துலயும் மேல இருக்கணும். வெத்துத் தாள்ல கையெழுத்து வாங்கி மனுவோட பின் அடிச்சா அதையே ஓட்டையாக் காட்டுவாங்க.

தணிக்கை அக்கா · 22 டிசம்பர், காலை 9.15

கையெழுத்துப் போடறவங்க யாரும் கோபத்துல மெயின்டனன்ஸ் கட்டாம நிறுத்தாதீங்க. பாக்கிக்காரர்னு முத்திரை குத்தி, அவருக்கு உறுப்பினர் உரிமையே இல்லைன்னு வாதம் வரும்.

பழைய ஃபைல் · 22 டிசம்பர், காலை 9.40

பாக்கி உள்ளவர் கையெழுத்து 36க்கு செல்லாதுன்னு நான் ஒத்துக்க மாட்டேன். துணை விதி ஓட்டுரிமையை நிறுத்தலாம், உறுப்பினரே இல்லைன்னு ஆக்கிடாது.

தணிக்கை அக்கா · 22 டிசம்பர், காலை 10.05

துணை விதியில "நல்ல நிலையில் உள்ள உறுப்பினர்"னு வாசகம் இருந்தா? அதை வெச்சு கையெழுத்தை நீக்கச் சொல்லி வாதாடுவாங்க. செல்லுமா செல்லாதாங்கறதை விடுங்க, வாதாடவே இடம் கொடுக்காம பாக்கி இல்லாத 27 பேரை வாங்கிடலாமே.

பழைய ஃபைல் · 22 டிசம்பர், காலை 10.10

நடைமுறைக்கு அது சரி. சட்டத்துக்கு நான் சொன்னது சரி.

சரவணம்பட்டி 84 · 4 ஜனவரி 2026, இரவு 7.50

32 கையெழுத்து ஆச்சு. மனு வாசகம் யாராவது பார்த்துச் சொல்லுங்க. "செயலாளரும் பொருளாளரும் சேர்ந்து ஒன்றரை லட்சம் ரூபாய் டீசல் பணத்தைக் கொள்ளையடித்துள்ளனர்"னு தொடங்கியிருக்கேன்.

தணிக்கை அக்கா · 4 ஜனவரி, இரவு 8.20

ஐயோ சாமி, அந்த வரியை எடுத்துடுங்க. யாரு எடுத்தாங்கன்னு உங்களுக்குத் தெரியாது. செயலாளரா, டீசல் வாங்கப் போன ஆளா, பங்க்ல குறைச்சு ஊத்தினாங்களா? உங்க கையில இருக்கறது வித்தியாசம் மட்டும். அதை மட்டும் எழுதுங்க. அவதூறு வழக்கும் வராது, ஆதாரமும் கெடாது. இப்படி வெச்சுக்கலாம்:

"மேற்படி சங்கத்தின் 2024-25ஆம் ஆண்டுப் பேரேட்டில் டீசல் கொள்முதலாக ரூ.2,83,092 ரொக்கமாகச் செலவு எழுதப்பட்டுள்ளது. அது லிட்டர் ரூ.93 வீதம் சுமார் 3,044 லிட்டர் ஆகும். ஜெனரேட்டர் பராமரிப்பு நிறுவனத்தின் பணித்தாள்களின்படி அக்காலத்தில் இயந்திரம் ஓடியது 184 மணி நேரம் (இணைப்பு 3, 4). பதிவான மின்னோட்ட அளவு முழுச் சுமையில் பாதிக்கும் குறைவு (இணைப்பு 5). மணிக்கு 8 லிட்டர் எனக் கொண்டாலும் 1,472 லிட்டரே தேவைப்பட்டிருக்கும். வேறுபாட்டுக்கு விளக்கமும், வவுச்சர்களும் எழுத்து மூலம் கேட்டும் தரப்படவில்லை (இணைப்பு 6). எனவே 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் பிரிவு 36(1)இன்படி சங்கத்தின் நிதிநிலை குறித்து விசாரணை நடத்த வேண்டுகிறோம்."

2023-24லயும் 2024-25லயும் ஆண்டறிக்கை தாக்கல் ஆகலைங்கறதைத் தனிப் பத்தியாப் போடுங்க. அது அவங்க ஆபீஸ் காகிதத்துலயே இருக்கற விஷயம், யாராலும் மறுக்க முடியாது. லிஃப்ட், பெயின்ட், தோட்டக்காரர் சம்பளம்னு சந்தேகப்பட்ட எல்லாத்தையும் அள்ளிப் போடாதீங்க. நிரூபிச்ச ஒண்ணு போதும்.

பொருளாளர் பாவம் · 4 ஜனவரி, இரவு 9.00

இப்படி எழுதினா நான் அந்தக் கமிட்டியில இருந்தாக்கூட பதில் சொல்லித்தான் ஆகணும். முதல் வாசகத்துக்கு வக்கீலை வெச்சிருப்பேன்.

ஈரோட்டு மஞ்சள் · 5 ஜனவரி, காலை 7.15

2022ல புது அடுக்குமாடிச் சட்டம் வந்துடுச்சே, இன்னும் 1975ஐயே பிடிச்சுட்டு இருக்கீங்க?

பழைய ஃபைல் · 5 ஜனவரி, காலை 8.00

2022 அடுக்குமாடி உரிமைச் சட்டம் 2024 மார்ச் 6ல நடைமுறைக்கு வந்து 1994 சட்டத்தைத்தான் நீக்குச்சு. 1975 சங்கங்கள் சட்டம் அப்படியே இருக்கு. இவர் சங்கம் அதுல பதிவாகியிருக்கற வரைக்கும் 36 பொருந்தும்.

சரவணம்பட்டி, மனுவை நேர்ல கொடுத்து இரண்டாம் படியில சீலும் தேதியும் வாங்குங்க. அதே மனுவோட நகலை திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாள்லயும் கொடுக்கலாம். சட்டத்துல ஆட்சியர் வழியும் இருக்குன்னு சொன்னேன் இல்ல, அதுக்குத்தான். அங்க கொடுக்கற மனுவுக்கு எண் வரும், ஆபீஸ் பதில் சொல்லியாகணும்.

அடுத்து நடக்கறது: கமிட்டிக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் போகும். அவங்க வாய்தா கேட்பாங்க. அப்புறம் ரெண்டு தரப்பையும் கூப்பிடுவாங்க. ஒரு மாசம் ஒண்ணும் அசையலைன்னா மேல இருக்கற பதிவுத்துறை துணைத் தலைவருக்கு நினைவூட்டு. அதுக்கும் அசையலைன்னா "மனுவை இத்தனை வாரத்துக்குள்ள முடிவு செய்"ன்னு மட்டும் கேட்டு உயர்நீதிமன்றத்துல ரிட் போடறவங்க உண்டு. பதிவை ரத்து செய்யச் சொல்லி மட்டும் கேட்காதீங்க. சங்கம் போனா பேங்க் கணக்கு, லிஃப்ட் ஒப்பந்தம் எல்லாம் உங்க தலையிலதான் விடியும்.

சிங்காநல்லூர் டீசல் · 5 ஜனவரி, காலை 11.20

போலீஸ்ல இப்பவே கொடுத்தா என்ன?

பழைய ஃபைல் · 5 ஜனவரி, மதியம் 12.05

கொடுக்கலாம், தடையில்லை. நம்பிக்கை மோசடி பாரதிய நியாய சன்ஹிதாவுல 316. ஆனா 2024 ஜூலை 1க்கு முன்னால நடந்ததுக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டம்தான். இவர் கணக்கு வருஷம் 2024 ஏப்ரல்ல தொடங்குது, ரெண்டும் கலக்கும். யாரு எடுத்தாங்கன்னு சொல்ல முடியாத புகாரை ஸ்டேஷன்ல "சிவில் மேட்டர்"னு தாட்டி விட்டுடுவாங்க. வவுச்சர் பொய்னு அறிக்கையில வந்தா அப்ப பேச்சே வேற. சிவில்ல பணம் கேட்கறதுக்கு மட்டும் மூணு வருஷக் கெடு இருக்கு, விசாரணை இழுத்துட்டே போனா அதுக்குன்னு கெடு நிக்காது. காலண்டர்ல குறிச்சு வெச்சுக்கங்க.

சரவணம்பட்டி 84 · 29 ஜனவரி, இரவு 10.30

மனு உள்ள போயிடுச்சு, சீல் இருக்கு. கமிட்டிக்கு நோட்டீஸ் வந்ததும் வாட்ஸ்அப் குரூப்ல "ஒரு சிலர் சங்கத்தின் பேரைக் கெடுக்கிறார்கள்"னு பதிவு. நாலு பேரு கையெழுத்தை வாபஸ் வாங்கியிருக்காங்க. 28 மிச்சம். இன்னும் ரெண்டு பேரு போனா 26, 27க்குக் கீழ போயிடும். ஏற்கெனவே தாக்கலான மனு அதனால விழுந்துடுமா?

தணிக்கை அக்கா · 29 ஜனவரி, இரவு 11.10

கொடுத்த தேதியில 32 இருந்துது. அதைத்தான் பார்க்கணும்னு நான் சொல்வேன்.

பழைய ஃபைல் · 30 ஜனவரி, காலை 6.40

நானும் அப்படித்தான் வாதாடுவேன், ஆனா எல்லா ஆபீஸரும் அப்படிப் பார்க்கறதில்லை. புதுசா அஞ்சு உறுப்பினர் கையெழுத்தோட துணை மனு ஒண்ணு இப்பவே கொடுத்து அதே ஃபைல்ல சேர்க்கச் சொல்லுங்க. எண்ணிக்கை குறைஞ்சாலும் தானா விசாரிக்கற அதிகாரம் பதிவாளருக்கு இருக்குன்னு அதுல ஒரு வரி சேர்த்துடுங்க. வாபஸ் வாங்கினவங்க கடிதத்தோட நகலையும் கேட்டு வாங்குங்க. நாலும் ஒரே கணினியில ஒரே வாசகத்துல அடிச்சதா இருந்தா அதுவும் ஒரு இணைப்புதான்.